கண்ணின் உள்மூலையில் ஒரு டிகிரி

2020 ஜனவரி 19. சீனாவின் ஊஹான் நகரிலிருந்து வந்த 35 வயதுப் பெண் ஒருவர் தென்கொரியாவின் இஞ்சியோன் விமான நிலையத்தில் இறங்கினார். முந்தின நாளே அவருக்குக் காய்ச்சலும் குளிரும் உடம்பு வலியும் தொடங்கியிருந்தன. பயணிகள் வரும் வழியில் இருந்த வெப்பச் சோதனையில் அவர் சிக்கினார். உடல் வெப்பம் 38.3 டிகிரி. அங்கிருந்தே தனிமைப்படுத்தி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் தென்கொரியாவின் முதல் கொரோனா நோயாளி என்று அறிவிக்கப்பட்டார்.

மூன்று நாள் கழித்து, 22-ஆம் தேதி, 55 வயது ஆண் ஒருவர் ஊஹானிலிருந்து ஷாங்காய் வழியாக சோலின் கிம்போ விமான நிலையத்துக்கு வந்தார். இவரையும் சோதனை பிடித்தது. ஆனால் காய்ச்சல் 37.8 டிகிரிதான். தொண்டை வலி இருந்தது, இருமலோ மூச்சுத்திணறலோ இல்லை. ஆகவே கண்காணிப்புப் பட்டியலில் பெயரை எழுதிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். 24-ஆம் தேதி அவருக்கும் நோய் உறுதியானது.

இந்த இருவருக்கும் இடையில், 20-ஆம் தேதி, ஊஹானிலிருந்து இன்னும் இருவர் இஞ்சியோனில் இறங்கியிருந்தார்கள். ஒருவருக்கு வயது 54, மற்றவருக்கு 55. அதே நிலையம், முந்தின நாள் அந்தப் பெண்ணைப் பிடித்த அதே வகைச் சோதனை. இருவரிடமும் எதுவும் தென்படவில்லை. நடந்து வெளியே போய்விட்டார்கள். தென்கொரியாவின் மூன்றாவது, நான்காவது நோயாளிகள் இவர்கள்தான்.

நான்கு பேரில் இருவர் சிக்கினார்கள், இருவர் தப்பினார்கள். கருவி பழுதாகவில்லை, ஊழியர்கள் அசந்துவிடவும் இல்லை. இப்படி நடந்தது ஏன் என்று புரிய, அந்தக் கேமரா எதைப் பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சூடாக உள்ள எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத ஒளியைச் சதா வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புச் சட்டியின் அருகே கையைக் கொண்டுபோனால், தொடாமலே சூடு தெரிகிறதல்லவா, அந்த அகச்சிவப்புக் கதிர்தான். மனிதத் தோலும் அதை விடுகிறது, மிக மெலிதாக. தெர்மல் கேமராவுக்குள் ஆயிரக்கணக்கான நுண்ணிய உணரிகள் கட்டம் கட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். முகத்திலிருந்து வரும் கதிர் பட்டதும் ஒவ்வொரு உணரியும் கொஞ்சம் சூடாகும். சூடானால் அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை வெப்பநிலையாகக் கணக்கிட்டு, திரையில் நீலம், மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் தீட்டிக் காட்டுகிறது கருவி.

இதில் மறந்துவிடக் கூடாத செய்தி ஒன்று உண்டு. இந்தக் கதிர் தோலின் மேற்பரப்பிலிருந்து மட்டுமே வருகிறது. ஒரு மில்லிமீட்டர் உள்ளே என்ன இருக்கிறது என்பது கேமராவுக்குத் தெரியாது. மூக்குக்கண்ணாடியைக்கூட அதனால் ஊடுருவ முடியாது. நமக்கு ஒளி புகும் கண்ணாடி இந்தக் கதிருக்குச் சுவர். கண்ணாடியைக் கழற்றுங்கள் என்று சோதனையில் கேட்பது இதனால்தான்.

காய்ச்சல் என்று மருத்துவர் சொல்வதோ உடலின் உள்வெப்பத்தை. இதயம், ஈரல், மூளை இருக்கும் பகுதியின் சூடு அது. ஆரோக்கியமானவருக்கு 37 டிகிரியை ஒட்டி இருக்கும், நாளுக்குள்ளேயே அரை டிகிரி கூடக் குறைய அசையும், அதிகாலையில் தாழ்ந்து மாலையில் ஏறும். தோலின் வெப்பம் வேறு கணக்கு. நெற்றி 33, 34 டிகிரியில் இருக்கும். மூக்கு நுனி இன்னும் குளிர்ந்திருக்கும். கொரோனா காலத்தில் துணிக்கடை வாசலிலும் வங்கி வாசலிலும் நெற்றிக்கு நேரே நீட்டிய கருவி 34.6 என்று காட்ட, காவலாளி தலையசைத்து உள்ளே விட்டது நினைவிருக்கும். 34.6 உள்வெப்பமாக இருந்தால் அந்த மனிதர் ஆபத்தான நிலையில் இருக்கிறார் என்று பொருள். அது வெறும் தோலின் சூடு. சில கருவிகள் அந்தத் தோல் சூட்டுடன் இரண்டு மூன்று டிகிரியைக் கூட்டி, உடல் வெப்பம் இவ்வளவு இருக்கலாம் என்று மதிப்பிட்டுக் காட்டுகின்றன. அந்தக் கூட்டல் எல்லோருக்கும், எல்லா அறைக்கும் ஒன்றே போலப் பொருந்தாது.

முகத்தில் உள்வெப்பத்துக்கு மிக நெருக்கமாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. கண்ணின் உள்மூலை, மூக்கை ஒட்டி கண்ணீர் திரளும் அந்தச் சிறு குழி. அங்கே தோல் மெல்லியது, கீழே ரத்த ஓட்டம் நல்லது, காற்றும் அதிகம் படாது. அதனால் காய்ச்சல் சோதனைக் கேமராக்களுக்கான சர்வதேசத் தரவிதிகள் இந்த மூலையைத்தான் பார்க்கச் சொல்கின்றன. ஒருவர் ஒருவராக நிற்க வைத்து, முகம் நேரே கேமராவைப் பார்க்க, திரையில் முகமே நிறைந்திருக்க வேண்டும் என்கின்றன. குறைந்தது 180 புள்ளி அகலம், 240 புள்ளி உயரம்.

இவ்வளவு கறார் எதற்கு? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முகத்தின் அகலம் 15 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அது 180 புள்ளிகளில் விழுந்தால் ஒரு புள்ளிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடம். கண்மூலையின் சில மில்லிமீட்டர் பரப்புக்குத் தாராளமாகப் பல புள்ளிகள் கிடைக்கும். கேமராவைக் கூரையில் மாட்டி, கூடம் முழுவதும் நடந்துவரும் கூட்டத்தைப் படம் பிடித்தால் ஒரு முகத்துக்கு 20 புள்ளி தேறலாம். அப்போது ஒரு புள்ளிக்குள் ஏழு எட்டு மில்லிமீட்டர். கண்மூலையின் சூடும் பக்கத்திலுள்ள மூக்கின் குளிர்ச்சியும் ஒன்றாகக் கலந்து ஒரே எண்ணாகிவிடும். சூடு குறைத்தே தெரியும். தொலைக்காட்சிச் செய்தியில் நாம் பார்த்த காட்சிகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. வரிசை நிற்காமல் ஓடுகிறது, பார்க்கவும் பிரமாதமாக இருக்கிறது. பிடிக்க வேண்டிய ஒரு டிகிரி அதில்தான் கரைந்துபோகிறது.

இன்னொரு சிக்கல் கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. சாதாரண வெப்பக் கேமராவின் அளவு இரண்டு டிகிரி வரை இப்படி அப்படி இருக்கும். கட்டடத்தில் ஈரம் எங்கே கசிகிறது என்று தேட அது போதும். நமக்குத் தேவையான வித்தியாசமே ஒன்றரை டிகிரிக்குள்தான். ஆகவே, கேமராவின் பார்வைக்குள் ஓர் ஓரமாக, துல்லியமாகத் தெரிந்த ஒரே வெப்பத்தில் வைக்கப்பட்ட கறுப்புத் தகடு ஒன்றை நிறுத்துவார்கள். பிளாக்பாடி என்பது அதன் பெயர். தகடு 35 என்றால் கேமரா 35 என்று சொல்ல வேண்டும். விலகினால் அந்த அளவுக்குத் திருத்திக்கொள்ளும். காய்கறிக் கடைத் தராசை முத்திரை எடைக்கல் வைத்துச் சரிபார்ப்பது போலத்தான், ஆனால் நொடிக்கு நொடி. அடுத்த முறை விமான நிலையத்தில் தெர்மல் கேமராவைக் கடக்கும்போது அந்தச் சிறு கறுப்புச் சதுரம் எதிரே எங்காவது தெரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தத் திரையின் எண்களை அதிகம் நம்பாதீர்கள்.

இனி, எல்லைக்கோட்டுக்கு வருவோம். எத்தனை டிகிரிக்கு மேல் போனால் நிறுத்துவது? அமெரிக்கா 38 டிகிரியை வைத்தது. பல நாடுகள் 37.5. சீனாவில் 37.3. ஒரே மனிதர், ஒரே காய்ச்சல், 37.6 என்று வையுங்கள். ஓரிடத்தில் நிறுத்தப்படுவார், இன்னோரிடத்தில் கைவீசி நடப்பார். ஆனால் இந்த எண்களெல்லாம் வெப்பமானி வைத்து உறுதி செய்யும் இரண்டாம் கட்டத்துக்கு உரியவை. கேமராவின் மணி அடிக்க வேண்டிய எண் வேறு. அது தோலின் எண். அந்தத் தோலோ அறையின் குளிரூட்டியையும், பயணி வெயிலிலிருந்து வந்தாரா, படியேறி ஓடிவந்தாரா என்பதையும் பொறுத்து மாறும். அதனால்தான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், அறை 20 முதல் 24 டிகிரிக்குள் இருக்க வேண்டும், சோதிக்கப்படுபவர் அங்கே 15 நிமிடமாவது இருந்திருக்க வேண்டும் என்று வழிகாட்டியது. விமானத்திலிருந்து இறங்கி குடியேற்றப் பிரிவுக்கு விரையும் முந்நூறு பேரைக் கால் மணி நேரம் உட்கார வைக்க எந்த நிலையத்தால் முடியும்?

இதற்கு ஒரு சாமர்த்தியமான மாற்று வழி இருக்கிறது. சில கருவிகள் நிலையான எண்ணை வைத்துக்கொள்வதில்லை. கடைசியாகக் கடந்துபோன சிலரின் சராசரித் தோல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு, அதைவிட ஒரு டிகிரியோ ஒன்றரையோ கூடுதலாக வருபவரைச் சுட்டிக்காட்டும். அறை குளிர்ந்தால் எல்லோருடைய தோலும் குளிரும், சராசரியும் கூடவே இறங்கும். நல்ல யோசனை. ஆனால் அந்த ஒரு டிகிரி என்பது இயற்கை வகுத்த கோடு அல்ல, மனிதர் தேர்ந்தெடுப்பது. எதைத் தேர்ந்தாலும் யாரையோ இழக்கிறோம்.

எப்படி என்று பார்ப்போம். ஒரு விமானத்தில் 300 பேர் வருகிறார்கள், மூன்று பேருக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். கேமரா காய்ச்சல்காரர் பத்துப் பேரில் ஒன்பது பேரைப் பிடிக்கும், காய்ச்சல் இல்லாதவர் பத்துப் பேரில் எட்டுப் பேரைச் சரியாக விட்டுவிடும். இது மோசமான கருவி அல்ல. மருத்துவமனை அவசரப் பிரிவில் சோதிக்கப்பட்ட தேறிய கருவிகளே ஏறத்தாழ இந்த அளவில்தான் இருந்தன. இப்போது எண்ணிப் பாருங்கள். மூவரில் இருவரோ மூவருமோ சிக்குவார்கள். கூடவே, காய்ச்சல் இல்லாத 297 பேரில் ஐந்தில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 60 பேரும் சிக்குவார்கள். வெயிலில் முகம் சிவந்தவர், மது குடித்தவர், கர்ப்பிணி, இணைப்பு விமானத்துக்காக ஓடிவந்தவர். அறுபது பேருக்கும் ஒரு செவிலியர் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும். பின்னால் அடுத்த விமானம் இறங்கிவிட்டது. கூட்டம் நெருக்குகிறது. இந்த நெருக்கடியில் இயல்பாகவே கோடு மேலே ஏற்றப்படும். மணி அடிப்பது குறையும். குறையும்போது போலி எச்சரிக்கைகளோடு லேசான காய்ச்சல்காரர்களும் சேர்ந்தே கழிந்துபோவார்கள்.

சரி, அறை பொருத்தம், தகடு இருக்கிறது, ஒவ்வொருவரையும் நிறுத்தி நிதானமாகப் பார்க்கிறார்கள் என்றே கொள்வோம். அப்போதும் உண்மையான காய்ச்சல்காரர் தப்பலாம். இதை விளக்க நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த குளிர்காய்ச்சலே போதும்.

கிருமி உள்ளே வந்ததும், மூளையின் அடியில் உடல் வெப்பத்தை ஆளும் பகுதி, இனி 37 போதாது, 39 வேண்டும் என்று இலக்கை உயர்த்திவிடுகிறது. உடல் இன்னும் 37-இல்தான் இருக்கிறது. ஆகவே குளிர்வதாக உணர்கிறது. சூட்டைச் சேமிக்கத் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, தசைகளை நடுக்கிச் சூடு உண்டாக்குகிறது. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பல் கிட்டும் நேரம் இது. கை கால் சில்லிட்டிருக்கும், உள்ளே அனல் ஏறிக்கொண்டிருக்கும். பாட்டிமார்கள் இந்த நேரத்தில் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஓய மாட்டார்கள். கழுத்தடியிலும் வயிற்றிலும் கை வைத்துப் பார்ப்பார்கள். தோல் பொய் சொல்கிறது என்று அனுபவத்தில் அறிந்தவர்கள். கேமராவுக்கு வயிற்றில் கை வைக்கும் வழி இல்லை. காய்ச்சல் வேகமாக ஏறும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் முகத்தின் தோல் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கக்கூடும். நோயாளி மிக மோசமாக உணரும் அந்த நேரத்தில் திரையில் அவர் சாதாரணமாகத் தெரிவார்.

ஏற்றம் நின்ற பிறகு குழாய்கள் விரிந்து முகம் சிவக்கும். கேமராவுக்கு வாய்ப்பான கட்டம் இதுதான். பிறகு காய்ச்சல் இறங்கும்போது வேர்க்கும், வேர்வை உலர்கையில் தோல் மறுபடி குளிரும். முதியவர்களுக்கு நோய் கடுமையாக இருந்தாலும் காய்ச்சல் பெரிதாக ஏறாமலே போகலாம். ஆக ஒருவர் நோயோடு இருக்கும் நாட்களில் கேமராவுக்குத் தெரியும்படி இருக்கும் மணி நேரங்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

அந்த மணி நேரங்களையும் ஒரு மாத்திரை அழித்துவிடும். பாராசிட்டமால், உயர்த்தப்பட்ட அந்த இலக்கையே மறுபடி கீழே இறக்குகிறது. போட்ட அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேலை தொடங்கி நான்கைந்து மணி நேரம் நிற்கும். நோய் அப்படியே இருக்கும், வெப்பம் மட்டும் இருக்காது. 2020 ஜனவரியில் ஊஹானிலிருந்து பிரான்சுக்குப் போன ஒரு பெண், தனக்கு லேசான காய்ச்சலும் இருமலும் இருந்ததாகவும், மாத்திரை போட்டுக்கொண்டதால் சோதனையைத் தாண்டிவிட்டதாகவும் சமூக ஊடகத்தில் எழுதினார். பெரும் கொந்தளிப்பு எழுந்தது. பாரிஸில் உள்ள சீனத் தூதரகம் அவரைத் தேடித் தொடர்புகொள்ள வேண்டியதாயிற்று. அப்போது அவருக்குக் காய்ச்சல் இல்லை. அவர் தெரிந்தே செய்தார் என்பதால் செய்தியானது. ஆனால் நீண்ட பயணத்துக்கு முன் தலைவலிக்கென்று அதே மாத்திரையைப் போடுபவர்கள் எந்தத் தந்திரமும் அறியாதவர்கள். கருவிக்கு இருவரும் ஒன்றே.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. இதில் கேமராவின் மேல் குற்றமே சொல்ல முடியாது. கிருமி தொற்றியதற்கும் முதல் அறிகுறிக்கும் நடுவே நாட்கள் ஓடுகின்றன. கொரோனாவின் ஆரம்ப வகைக்கு சராசரியாக ஐந்து நாள். எபோலாவுக்கு 2 முதல் 21 நாள் வரை. 2014 செப்டம்பர் 19 அன்று லைபீரியாவின் தலைநகரிலிருந்து அமெரிக்கா புறப்பட்ட ஒருவருக்கு விமான நிலையத்தில் வெப்பம் பார்த்தார்கள். 36.3 டிகிரி. அளவு சரியானதே, அவருக்கு அன்று காய்ச்சல் இல்லை. ஐந்து நாள் கழித்து டல்லாஸ் நகரில் காய்ச்சல் கண்டது. எபோலா. அக்டோபர் 8-இல் இறந்துபோனார். எவ்வளவு விலை உயர்ந்த கேமராவை வைத்திருந்தாலும் 36.3-இல் பார்க்க ஒன்றுமில்லை.

கொரோனா பரவத் தொடங்கிய வாரங்களில் லண்டனில் உள்ள ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டார்கள். புறப்படும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் சோதனை வைத்தாலும், தொற்றுள்ள பயணிகள் நூறு பேரில் ஏறத்தாழ 46 பேர் தப்பிவிடுவார்கள் என்று வந்தது. தென்கொரியாவின் முதல் நால்வரில் இருவர் தப்பியது விபத்தல்ல என்று இந்தக் கணக்கு சொல்கிறது.

இந்தக் கேமராக்கள் விமான நிலையங்களுக்குப் பரவலாக வந்தது 2003-இல், சார்ஸ் காலத்தில். சிங்கப்பூர் சில வாரங்களில் ராணுவ வெப்பக் கேமராவைத் திருத்தி சாங்கி நிலையத்தில் நிறுத்தியது. கனடா, டொராண்டோவிலும் வான்கூவரிலும் சோதனை முறையில் வைத்தது. அங்கே சுமார் 24 லட்சம் பயணிகள் கேமரா முன் நடந்தார்கள். 832 பேர் மேற்கொண்டு பரிசோதிக்கப்பட்டார்கள். சார்ஸ் ஒருவருக்கும் இல்லை. அமெரிக்கா 2020 ஜனவரி முதல் செப்டம்பர் வரை, கேள்வித்தாளும் தொடாத வெப்பமானியுமாக 7,66,044 பயணிகளைச் சோதித்தது. அகப்பட்ட தொற்று ஒன்பது. ஏறத்தாழ 85,000 பேருக்கு ஒன்று.

அதற்காக இந்தச் சோதனையே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். இஞ்சியோனில் அந்தப் பெண்ணைப் பிடித்தது, அதற்குப் பதினோரு நாள் முன்பு பாங்காக்கில் ஊஹானிலிருந்து வந்த 61 வயதுப் பெண்ணைப் பிடித்தது, இரண்டும் உண்மையான வெற்றிகள். பாங்காக்கில் அகப்பட்டவர்தான் சீனாவுக்கு வெளியே உறுதியான முதல் நோயாளி. நோய் எல்லை தாண்டிவிட்டது என்று உலகம் அறிந்தது அவரால்தான். ஆனால் இரண்டு இடத்திலும் குறிப்பிட்ட ஒரே ஊரிலிருந்து வந்த சில விமானங்களை மட்டும் கூர்ந்து பார்த்தார்கள் என்பது முக்கியம். நோய் எங்கே இருக்கிறது என்று தெரிந்து அங்கே பார்ப்பது வேறு, எல்லா ஊரிலிருந்தும் வரும் லட்சக்கணக்கானோரைச் சலித்தெடுப்பது வேறு. என்னைக் கவலைப்படுத்துவது, கேமராவைத் தாண்டிய பயணிக்கும் அவரை அழைக்க வந்த குடும்பத்துக்கும் ஏற்படும் நிம்மதி. மணி அடிக்கவில்லை என்றால் நோய் இல்லை என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மணி அடிக்காததற்கு, இந்த நொடியில் இந்தத் தோல் சுற்றியிருப்பவர்களைவிட அதிகம் சூடாக இல்லை என்பதற்கு மேல் பொருள் இல்லை.

இஞ்சியோனில் தப்பிய அந்த 54 வயதுக்காரருக்கு 22-ஆம் தேதி மாலை காய்ச்சலும் குளிரும் வந்தன. வந்திறங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. மாத்திரை போட்டுச் சமாளித்தார். 25-ஆம் தேதி இருமலும் சளியும் சேர, அவர் தொலைபேசியை எடுத்து நோய்த் தடுப்பு மையத்தின் 1339 என்ற எண்ணை அழைத்தார். தான் ஊஹானிலிருந்து வந்தவன் என்று சொன்னார். மறுநாள் அவருக்கு நோய் உறுதியானது.